பொய் சொன்ன பையனுக்கு ஒரு மனந்திரும்புதல் ஜெபம்

ஞாயிறுபள்ளி டீச்சர்: எங்கள் சபையில் பத்தாவது படிக்கும் தம்பி ஒருவன், இரண்டு மாத டியூஷன் பீஸ் 3,000 ரூபாயை டர்ஃப் கிரிக்கெட்டில் செலவழித்துவிட்டு, கட்டிவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறான். இப்போது மனது உறுத்துகிறது, ஒரு ஜெபம் எழுதித் தாருங்கள் என்கிறான். இது சரியா?

“ஆண்டவரே, உமக்கு ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்தேன். என் பொய்களை மன்னியும். சுத்த இருதயத்தைத் தாரும். இனி நல்ல பிள்ளையாக நடப்பேன். ஆமென்.”

நெல்லைத் தம்பி: அருமை அக்கா. 51ஆம் சங்கீதம் அப்படியே இருக்கிறது. அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்று 1 யோவான் 1:9 சொல்கிறதே, அப்புறம் என்ன?

பழைய உபதேசியார்: தம்பி, அந்த வசனம் சரிதான், ஆனால் அது பாதி. “ஒருவருக்கே” என்பது தாவீது சொன்னது. இந்தப் பையன் வாயில் அது அப்பா அம்மாவைத் தாண்டிப்போகும் குறுக்கு வழியாகிவிடும். லூக்கா 15இல் இளைய மகன் “பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும்” என்று தகப்பனிடமே சொல்கிறான். “பொய்களை” என்று பன்மையில் மூடுவதும், “நல்ல பிள்ளை” என்று வாக்குக் கொடுப்பதும் வேண்டாம். அடுத்த வாரமே உடைந்துவிடும்.

மூன்று பிள்ளைகளின் அம்மா: என் மகனும் மார்க் ஷீட்டை ஒளித்து வைத்தான். பெற்றோர் பொறுமைக்கும் ஒரு ஜெபம் எழுதுங்களேன்.

டீச்சர்: எழுதலாம் அக்கா, முதலில் இவனுக்கு.

கத்தோலிக்க நண்பர்: எங்களுக்குப் பாவசங்கீர்த்தனத்தில் அபராதமும் உண்டு. பணத்தைத் திருப்ப வேண்டாமா? எண்ணாகமம் 5:7இல் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 3,000க்கு 600 சேர்த்து 3,600.

நெல்லைத் தம்பி: பத்தாவது பையன் 3,600க்கு எங்கே போவான்? மறுபடி பொய்தான் சொல்வான்.

பழைய உபதேசியார்: கணக்கு சரி, பையனுக்கு ஒத்துவராது. மாதம் எவ்வளவு என்று அப்பா முடிவு செய்யட்டும். டீச்சர், அவன் வகுப்புக்குப் போனானா? போயிருந்தால் டியூஷன் சாருக்கும் பாக்கி.

டீச்சர்: போகவே இல்லை ஐயா. போனேன் என்று சொன்னது இன்னொரு பொய்.

பழைய உபதேசியார்: சரி, அதையும் சேர்ப்போம்.

“ஆண்டவரே, அப்பா கொடுத்த 3,000 ரூபாயை விளையாட்டில் செலவழித்தேன். பீஸ் கட்டினேன், வகுப்புக்குப் போனேன் என்று பொய் சொன்னேன். உமக்கும் அவர்களுக்கும் விரோதமாகப் பாவம் செய்தேன். இன்று ராத்திரி அவர்களிடம் சொல்லப் போகிறேன். திட்டு விழுந்தாலும் பாதியில் கதையை மாற்றாதபடி என் வாயைக் காத்தருளும். ஆமென்.”

கத்தோலிக்க நண்பர்: மத்தேயு 5:24இன்படி முதலில் வீட்டில் ஒப்புரவாகட்டும், ஜெபம் அப்புறம்.

பழைய உபதேசியார்: அங்கே பேசுவது காணிக்கையைப் பற்றி. சொல்வதற்குத் தைரியம் கேட்கிற ஜெபத்தைச் சொன்ன பிறகா செய்வது?

கத்தோலிக்க நண்பர்: ஜெபித்ததும் மனது லேசாகி, சொல்லாமலே தூங்கிவிடுவான் ஐயா. நானே அப்படித் தூங்கியிருக்கிறேன்.

டீச்சர்: அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. அப்பா வேலை முடிந்து எட்டு மணிக்கு வருவாராம். ஏழே முக்காலுக்கு ஜெபிக்கச் சொல்லியிருக்கிறேன்.