பெண் பார்த்துவிட்டுப் போய் பதினைந்து நாள், ஒரு பேச்சும் இல்லை

திண்டுக்கல் அண்ணன்

என் தங்கைக்கு வரன் பார்க்கிறோம். விருதுநகர்ப் பக்கத்து மாப்பிள்ளை, சென்னையில் வேலை. தரகர் மூலமாக வைகாசியிலேயே ஜாதகம் போய், அவங்களே அவங்க ஜோசியரிடம் பார்த்து, பொருத்தம் இருக்கு என்று சொல்லி, பிறகுதான் ஆனி 22 ஞாயிற்றுக்கிழமை வந்தாங்க. மாப்பிள்ளை, அப்பா அம்மா, தாய்மாமா, அத்தை குடும்பம் என்று 9 பேர். கேசரி, பஜ்ஜி, காபி மட்டும் எடுத்துக்கிட்டாங்க. மதியச் சாப்பாடு தயாராக இருந்தது. "பேசி முடிச்ச பிறகு கை நனைச்சுக்கலாம்" என்று தாய்மாமா சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் தங்கையும் மொட்டை மாடியில் கால் மணி நேரம் பேசினாங்க. கிளம்பும்போது, "ரெண்டு நாள்ல தரகர்கிட்ட சொல்லி அனுப்புறோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அதன் பிறகு தரகர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மூன்றாம் நாள்: "எல்லாருக்கும் திருப்திதான். பெரியப்பா வெளியூர்ல இருக்காரு, வந்ததும் பேசிடுவாங்க."

ஏழாம் நாள்: "நல்ல காரியத்துல அவசரம் கூடாது. பிடிக்கலைன்னா அப்பவே சொல்லியிருப்பாங்கல்ல?"

பதினோராம் நாள் ஆடி பிறந்தது. "ஆடியில எதுவும் பேச மாட்டாங்க. இனி ஆவணிதான்."

நேற்று: "மதுரையில ஒரு நல்ல இடம் இருக்கு. சும்மா ஜாதகம் மட்டும் பார்த்து வையுங்களேன்."

இந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. ஒரு இடம் பேச்சில் இருக்கும்போது இன்னொரு ஜாதகத்தைக் கையால் தொட மாட்டேன் என்கிறார். தங்கை எதுவும் கேட்பதில்லை, ஆனால் அப்பாவுக்கு போன் வந்தால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடுகிறது. இதே மாதிரி காத்திருந்தவங்க உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க.

கரூர் செந்தில்

தம்பி, மனசைத் தேத்திக்கோங்க. பிடித்தவங்க மூணு நாளைத் தாண்ட மாட்டாங்க. என் அக்காவைப் பார்த்துவிட்டுப் போனவங்க ஊர் எல்லை தாண்டும் முன்னாடியே போன் போட்டாங்க. என்னைப் பார்த்தவங்களும் மறுநாள் காலையில் சொல்லிட்டாங்க. அதிலும் சாப்பிடாமல் கிளம்பினாங்கன்னா அன்றைக்கே முடிவு தெரிஞ்சு போச்சு. வேண்டாத வீட்டில்தான் கை நனைக்க மாட்டாங்க.

நெல்லை மீனா

ரஜ்ஜு பார்த்தீங்களா அண்ணா? பத்தில் எத்தனை இருந்தாலும் ரஜ்ஜு தட்டினால் பேச மாட்டாங்க. எனக்கு இரண்டு இடம் அதிலேயே போச்சு. செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றச் சொல்லுங்க. ஒன்பது வாரம் ஏற்றினேன், பத்தாவது வாரம் என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தாங்க.

திண்டுக்கல் அண்ணன்

விளக்கு அம்மா ஏற்றிக்கொண்டுதான் இருக்காங்க, மீனா. ஆனால் ஜாதகம் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அவங்க வந்தாங்க. ரஜ்ஜுவும் பார்த்தாச்சு.

திருச்சி டீச்சரம்மா

நான் 18 வருஷமாக உறவிலும் தெரிந்த வட்டத்திலும் வரன் பேசி முடித்துக் கொடுக்கிறேன். காசு வாங்கிச் செய்வதில்லை, அதனால் இரண்டு வீட்டுக் கூடத்திலும் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

முதலில் செந்தில் சொன்னதற்கு. மறுநாளே சொல்கிற வீடுகள் உண்டு. ஆனால் விருதுநகர், சிவகாசிப் பக்கம் பேச்சு முடியாமல் சாப்பிட மாட்டார்கள் என்கிற குடும்பங்கள் நிறைய. அது மரியாதைக்கு வைத்த வழக்கம். தாய்மாமாவே வாய் திறந்து "பேசி முடிச்ச பிறகு" என்று சொன்னதால் அதை மறுப்பாக எடுக்க வேண்டாம். நாள் கணக்கும் அப்படித்தான். 9 பேர் வந்தால் 9 பேரும் சம்மதிக்க வேண்டும். குலதெய்வக் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிற வீடு என்றால் நல்ல கிழமைக்குக் காத்திருந்தே ஒரு வாரம் போய்விடும்.

நான் நாளை எண்ணுவதில்லை. அந்த நாட்களில் அங்கிருந்து ஏதாவது கேள்வி வந்ததா என்று பார்ப்பேன். வேண்டும் என்று நினைக்கிற வீடு சும்மா இருக்காது. பெண் சென்னைக்கு வேலை மாற்றிக்கொள்வாளா, தம்பி என்ன படிக்கிறான், கல்யாணம் எந்த ஊரில் என்று ஏதாவது கேட்கும். தெருமுனைக் கடையில் வந்து விசாரிக்கும். உங்கள் அப்பா வேலை பார்த்த இடத்தில் தெரிந்தவரைப் பிடிக்கும். அந்த விசாரிப்பு எப்படியும் சுற்றி உங்கள் காதுக்கு வந்துவிடும். உங்கள் தெருவில் அப்படி யாராவது வந்தார்களா?

அடுத்தது தரகர் பேச்சு. நீங்கள் எழுதிய நான்கில் அவர்கள் வாயிலிருந்து வந்தது எது என்று பாருங்கள். முதலாவதில் மட்டும் பெரியப்பா என்று ஒரு ஆள் இருக்கிறார், அதை விசாரித்துச் சரிபார்க்க முடியும். இரண்டாவது தரகர் சொந்தமாகச் சொன்ன ஆறுதல். மூன்றாவது பஞ்சாங்கம். ஆனி 22-க்கும் ஆடி ஒன்றுக்கும் நடுவில் பத்து நாள் இருந்ததே, அப்போது என்ன ஆயிற்று? ஆடியில் நிச்சயம் செய்ய மாட்டார்கள், பூ வைக்க மாட்டார்கள், அது சரி. பிடித்திருக்கிறது என்று போனில் ஒரு வார்த்தை சொல்ல ஆடி தடுக்காது. "ஆவணி பிறந்ததும் வர்றோம்" என்று ஆடிக்குள்ளேயே சொல்லி வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவதுதான் உங்கள் அம்மாவைப் போல என்னையும் உறுத்துகிறது. தரகருக்குக் காசு முடிந்தால்தான். அதனால் "வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று சொல்ல அவருக்கு மனம் வராது, உங்கள் ஜாதகம் வேறு தரகரிடம் போய்விடும் என்ற பயம். கையில் அடுத்த இடத்தை வைத்துக்கொண்டுதான் முந்தின இடத்தை நழுவ விடுவார். பத்துக்கு ஏழு, எட்டு தடவை அதுதான் அர்த்தம். மிச்சம் இரண்டு மூன்று தடவை அவருக்கே உண்மையில் எதுவும் தெரியாது, அங்கேயும் போனை எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

ஒன்று செய்யுங்கள். "என்ன சொல்றாங்க?" என்று அவரிடம் கேட்காதீர்கள். "கடைசியா எப்போ பேசினீங்க, யார்கிட்ட பேசினீங்க, அவர் என்ன வார்த்தை சொன்னார்?" என்று கேளுங்கள். பேசியவர் என்றால் சட்டென்று சொல்லிவிடுவார். "அவங்க எல்லாரும்தாங்க" என்று இழுத்தால் பேசவே இல்லை.

சென்னை கார்த்தி

நான் மாப்பிள்ளை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஒரு குடும்பத்தை 40 நாள் காக்க வைத்தோம். இப்போதும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அந்த மாதம் இரண்டு பெண் பார்த்தோம். அம்மாவுக்கு முதல் இடம் பிடித்திருந்தது, எனக்கு இரண்டாவது. முதல் இடத்தில் பெண் வீட்டார்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பதில் வரும்வரை இரண்டாவது இடத்தை விட வேண்டாம் என்று அப்பா சொன்னார். தரகரிடம் "கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னோம். அவர் அங்கே போய் "மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலையா வெளிநாட்டுப் பயணம்" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு பாஸ்போர்ட்டே கிடையாது. கடைசியில் இரண்டும் நடக்கவில்லை.

அந்தப் பெண்ணின் அப்பா ஒரே ஒரு தடவை எங்கள் அப்பாவைக் கூப்பிட்டிருந்தால், அப்பா நேரில் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவர் கூப்பிடவே இல்லை. பெண் வீட்டுக்காரர் வலியப் பேசினால் இறங்கிப் போனதாகிவிடும் என்று நினைத்திருப்பார்.

கரூர் செந்தில்

அதுதான் கார்த்தி, பெண் வீட்டிலிருந்து கூப்பிடுவது நம்ம பக்கம் வழக்கம் இல்லை. அலைகிறாங்கன்னு பேர் வந்துடும்.

திருச்சி டீச்சரம்மா

அப்பா கூப்பிட வேண்டாம். மாமாவோ சித்தப்பாவோ கூப்பிடட்டும். "முடியும் முடியாது எதுவானாலும் எங்களுக்கு மனவருத்தம் இல்லை, அடுத்த ஜாதகம் எடுக்கணும், அதுக்குத்தான் கேட்கிறோம்." இவ்வளவு போதும். மறுக்க அவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துக் கேட்டால் பெரும்பாலும் அன்றே பதில் வரும். "திரும்பப் பார்த்ததில் ஜாதகம் சரியில்லைன்னு ஜோசியர் சொல்றார்" என்பார்கள். முன்னாடியே பொருத்தம் பார்த்தவர்கள் இப்போது அதைச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேனி விஜி

அண்ணா, உங்க தங்கச்சியிடம் இதை எல்லாம் சொல்லிட்டீங்களா? எனக்கு 23 வயதில் இப்படி ஆனது. வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் பேசாமல் இருந்தாங்க. அந்த மௌனம்தான் மாப்பிள்ளை வீட்டு மௌனத்தைவிட அதிகமாக வலித்தது. நான் என்ன தப்பாகப் பேசினேன், புடவை சரியில்லையா என்று ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து இரண்டு கிலோ இளைத்துப் போனேன். காரணம் அவங்க வீட்டில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டை என்று ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

திண்டுக்கல் அண்ணன்

விஜி, நீங்க எழுதியதைப் படித்துவிட்டு அன்று இரவே தங்கையிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கும் அவர் பேசினது பிடிச்சிருந்தது, ஆனா ஒண்ணு கேட்டாரு" என்றாள். மாடியில் அவர், சென்னைக்கு மாற்றல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். எங்களிடம் யாரும் கேட்காததால் அவளும் சொல்லவில்லை.

தரகரிடம் டீச்சரம்மா சொன்ன மூன்று கேள்வியையும் கேட்டேன். கடைசியாகப் பேசியது ஆனி 26-ஆம் தேதி என்பது வரைக்கும் வந்தார். அதற்குப் பிறகு மதுரை வரனைப் பற்றியே பேசினார்.

இன்று மாமா அவங்க தாய்மாமாவை நேரடியாகக் கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே அவர், "நாங்கதான் உங்க பதிலுக்குக் காத்திருக்கோம்" என்றாராம். மாற்றல் விஷயத்தைக் கேட்டுச் சொல்லச் சொல்லி தரகரிடம் இரண்டு தடவை சொன்னாங்களாம். எங்களுக்கு ஒரு தடவையும் வரவில்லை. மறந்தாரா, இந்த இடம் நடக்காது என்று அவராகவே முடிவு செய்தாரா, தெரியவில்லை. மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தால் ஆறு மாதம் ஆகலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார். "சரி, வீட்ல பேசிட்டு ஆவணியில பார்ப்போம்" என்று வைத்துவிட்டார்.

அம்மா முகம் தெளிந்துவிட்டது. எனக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

திருச்சி டீச்சரம்மா

கேட்கச் சந்தோஷம். கேள்வி கேட்டிருக்கிறார்கள், அதனால் இடம் உயிரோடுதான் இருந்திருக்கிறது. ஆனால் அவர்களிடமும் உங்கள் நம்பர் இருந்திருக்குமே, ஏன் கூப்பிடவில்லை என்பதும் எனக்கு மனதில் நிற்கிறது. அவர்களும் இறங்கிப் போகக் கூடாது என்று இருந்தார்களா, இல்லை இப்போது மாமா கேட்டதும் சமாளித்தார்களா என்பது இந்தப் பேச்சிலிருந்து தெரியாது. "ஆவணியில பார்ப்போம்" என்றாரே, ஆவணியில் எந்த வாரம் என்று மாமா கேட்டாரா?

திண்டுக்கல் அண்ணன்

கேட்கவில்லை அம்மா. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, இந்தப் பேச்சு வேண்டாம் என்கிறார் மாமா. புதன்கிழமை காலையில் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மதுரை ஜாதகத்தை வாங்கிப் பூஜை அறையில் வைத்திருக்கிறோம், இன்னும் பிரிக்கவில்லை.