கலைச்சொல் விவாதம்: ஓகன்சா, ஜோர்ஜெற், டியூல், லேஸ் – எந்தப் பெயரில் அடக்குவது?

துஷ்யந்தி எழுதியது:

அன்பின் நண்பர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில் நடக்கும் தையல் வகுப்புக்குத் துணிப்பெயர் அகராதி ஒன்று தயாராகிறது. பருத்தி, பட்டு, கம்பளிப் பக்கங்கள் முடிந்துவிட்டன. மறுபக்கம் தெரியும் துணிகளில் வேலை நின்றுபோய்க் கிடக்கிறது. ஓகன்சா, ஜோர்ஜெற், டியூல், லேஸ் நான்கையும் பிள்ளைகள் "நெட் மாதிரி", "கண்ணாடி மாதிரி" என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். எனக்கு இரண்டு தேவை: நான்குக்கும் பொதுவான ஒரு பெயர், விறைப்பைக் குறிக்க ஒரு சொல். "கண்ணாடித்துணி" என்று போட்டால் சரிவருமா?

கஜன் எழுதியது:

அக்கா, "ஊடுதுணி" என்று வைப்போம். பார்வை ஊடே போகிறது, பெயரும் சின்னது. விறைப்பானது "விறையூடு", மெதுவானது "மென்னூடு". ஓகன்சா விறையூடு, ஜோர்ஜெற் மென்னூடு. நான்கையும் இந்த இரண்டு பெட்டிக்குள் போட்டுவிடலாம்.

றிஸ்வான் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். புறக்கோட்டைக் கடையில் நிற்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கண்ணாடித்துணி வேண்டாம். பளபளக்கும் ஒரு வகை ஓகன்சாவையே நாங்கள் "கிளாஸ்" என்று விற்கிறோம். பிள்ளை வந்து கண்ணாடித்துணி கேட்டால் அதைத்தான் எடுத்துப் போடுவோம்.

இரண்டு சொல்லும் தேவையில்லை என்பது என் கருத்து. துணி எவ்வளவு விறைப்போ அவ்வளவு தெரியும். ஓகன்சா விறைப்பு, நன்றாகத் தெரியும். ஜோர்ஜெற் துவளும், குறைவாகத் தெரியும். ஒரே அளவுகோல் போதும்.

அருளானந்தம் எழுதியது:

றிஸ்வான் தம்பி சொன்னதில் பாதி சரி. அந்த இரண்டு துணியை மட்டும் எடுத்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் மணப்பெண் முக்காட்டுக்குப் போடும் மெல்லிய நைலோன் டியூலைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓகன்சாவைவிட நன்றாகத் தெரியும், நிற்கவே நிற்காது, கையிலிருந்து வழியும். மாறாக, தொப்பிக்குள் வைக்கும் பக்ரம் நல்ல விறைப்பு, அதனூடே முகம் தெரியாது. ஆகவே விறைப்பும் தெரிவும் இரண்டு தனிக் குணங்கள். ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது.

கஜன், "ஊடு" அழகான சொல். ஆனால் நெசவில் அது ஏற்கெனவே குடியிருக்கிற சொல். நீளவாக்கில் போவது பாவு, குறுக்கே போவது ஊடு அல்லது ஊடை. "ஊடுதுணி" என்றால் நெசவு தெரிந்தவர் குறுக்கு நூலைப் பற்றிய ஏதோ வகை என்று நினைப்பார். அதைவிடப் பெரிய சிக்கல், டியூலில் ஊடையே இல்லை. இன்று கடையில் கிடைக்கும் டியூலில் பெரும்பகுதி நெய்ததல்ல, மெசினில் பின்னியது. அதனால்தான் வெட்டிய ஓரம் பிரியாது, மடித்துத் தைக்காமலே விடலாம். ஓகன்சாவும் ஜோர்ஜெற்றும் நெய்தவை, வெட்டிய உடனே ஓரத்து நூல் கழரத் தொடங்கும். தையல் படிக்கும் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது இந்த வேறுபாடுதான். பெயர் அதை மறைக்கக் கூடாது.

மறுபக்கம் ஏன் தெரிகிறது என்பதிலும் இதே பிளவு உண்டு. டியூலிலும் லேஸிலும் கண்ணுக்குத் தெரியும் துளை இருக்கிறது. மீன்வலைக்காரர் அதைக் "கண்" என்பார்கள், பெரிய கண் வலை, சின்னக் கண் வலை என்று. ஓகன்சாவிலும் ஜோர்ஜெற்றிலும் துளை இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தனித்துப் படாது. நூல் மெலிதாகவும் இடைவெளி விட்டும் நெய்திருப்பதால் துணி முழுவதுமே தெரிவதுபோல் இருக்கும்.

ஜோர்ஜெற் ஏன் மங்கல்? அதன் நூல் மிகக் கடுமையாக முறுக்கப்பட்டது. வலமுறுக்கு நூலும் இடமுறுக்கு நூலும் பாவிலும் ஊடையிலும் மாறி மாறி வரும். நெய்து நனைத்ததும் அந்த முறுக்கு ஒவ்வொரு நூலையும் தன் பக்கம் இழுக்கும். மேற்பரப்பு பொரிபொரியாகச் சுருங்கும். அந்தப் பொரி ஒளியைச் சிதறடிக்கிறது. ஓகன்சா நூல் வழவழப்பாக நேரே கிடப்பதால் அந்தச் சிதறல் குறைவு. சோதிப்பது இலகு. அச்சடித்த தாளின் மேல் இரண்டையும் விரியுங்கள், எழுத்து இரண்டிலும் வாசிக்கலாம். இப்போது தாளிலிருந்து 5 சென்ரிமீற்றர் மேலே தூக்குங்கள். ஓகன்சாவின் கீழ் எழுத்து ஓரளவு நிற்கும், ஜோர்ஜெற்றின் கீழ் கலங்கிவிடும்.

பள்ளி விஞ்ஞானத்தில் "ஊடுகாட்டும்", "ஒளிகசியும்" என்று இரண்டு சொல் இருக்கின்றன. அவை பிள்ளைகளுக்குப் பழக்கமானவை. ஓகன்சாவுக்கு முன்னதும் ஜோர்ஜெற்றுக்குப் பின்னதும் அடைமொழியாகப் பொருந்தும். ஒரே நிறத்தில் வைத்து ஒப்பிட வேண்டும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணி முன்னாலிருந்து வரும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி மறைக்கும். அதே நெசவு கறுப்பில் கூடுதலாகத் தெரியும்.

மேரி எழுதியது:

வணக்கம். கேள்வி எனக்குச் சரியாக விளங்கவில்லை. எந்த நெட் வாங்குவது என்றுதானே கேட்கிறீர்கள்? மகளின் முதல் நன்மைக்குத் தைத்த கவுனுக்கு உள்பாவாடையாக விறைப்பான நெட் மூன்று அடுக்கு போட்டேன். கடையில் பார்க்கும்போது குடைபோல் நின்றது. ஒருமுறை தண்ணீரில் அலசிக் காயவைத்ததும் சேலைபோல் கீழே விழுந்துவிட்டது. துணி பழுதா, தைத்தது பிழையா?

துஷ்யந்தி எழுதியது:

மேரி அக்கா, நாங்கள் பெயர் தேடுகிறோம். ஆனால் உங்கள் கேள்வி இங்கே வேண்டியதுதான். "விறைப்பான நெட்" என்று அகராதியில் எழுதினால் நாளைக்கு என் மாணவிக்கும் இதுதான் நடக்கும். ஐயா, விறைப்பு எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் சொல்லுங்கள்.

அருளானந்தம் எழுதியது:

மேரி தங்கச்சி, தையலில் பிழையில்லை. விறைப்பு நூலில் இருக்கலாம், நூலின் மேல் பூசியதிலும் இருக்கலாம். உங்கள் நெட்டில் அது பூச்சில் இருந்திருக்கிறது. தண்ணீரில் கரையும் பசையானால் ஓர் அலசலில் போய்விடும். பிசின் வகைப் பூச்சு அதைவிட நீண்ட நாள் நிற்கும்.

ஓகன்சாவிலும் இதே கதை உண்டு. அசல் பட்டு ஓகன்சாவின் விறைப்புக்குக் காரணம் பட்டுப்புழு சுரந்த பசை. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்குவரை அந்தப் பசைதான். ஓகன்சாவில் அதை நீக்காமல் விட்டுவிடுவார்கள். சவர்க்காரம் போட்டுச் சுடுநீரில் தோய்த்தால் பசை கரையும், துணி துவண்டுவிடும், பிறகு திரும்பாது. பொலியெஸ்ரர் ஓகன்சாவில் பசையில்லை. அங்கே நூலே ஒற்றைத் தடித்த இழை. அதே பருமனுள்ள நூலைப் பத்து மெல்லிய இழையாகப் பிரித்தால் வளைவதற்கான எதிர்ப்பு ஏறத்தாழப் பத்திலொன்றாகிவிடும். ஒற்றை இழை என்பதால் அது கழுவினாலும் நிற்கும். ஆனால் இஸ்திரிப் பெட்டியைக் கூடிய சூட்டில் வைத்தால் பளபளத்துச் சுருங்கும்.

அதனால் விறைப்பைப் பெயருக்குள் வைக்காதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் அளவாக எழுதுங்கள், கழுவுமுன் ஒன்று, கழுவிய பின் ஒன்று. அளக்கும் முறை இது. தடித்த அட்டையில் கிடையாக 10 சென்ரிமீற்றர், கீழ்நோக்கி 8.85 சென்ரிமீற்றர் எடுத்துச் சாய்கோட்டை வரைந்து வெட்டினால் 41.5 பாகைச் சரிவு கிடைக்கும். ஆய்வுகூடத்தில் பாவிக்கும் சரிவும் அதுவே. அட்டையை மேசை விளிம்பில், சரிவு விளிம்பிலிருந்து கீழே இறங்கும்படி பொருத்துங்கள். 2.5 சென்ரிமீற்றர் அகலமும் 20 சென்ரிமீற்றர் நீளமுமான துணிக்கீற்றை மேசையில் வைத்து, மேலே ஓர் அடிமட்டத்தை வைத்து, இரண்டையும் சேர்த்து மெல்ல வெளியே தள்ளுங்கள். நுனி சரிவைத் தொட்டதும் நிறுத்தி, வெளியே நீண்ட பகுதியை அளந்து பாதியாக்குங்கள். அந்தப் பாதியை "வளைவு நீளம்" என்று அழைக்கலாம். 3 சென்ரிமீற்றர் நீண்டதும் தொட்டால் வளைவு நீளம் 1.5, அது துவளும் துணி. 10 சென்ரிமீற்றர் நீண்டால் 5, நன்றாக நிற்கும். நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று என்று இரண்டு கீற்று வெட்டுங்கள். பின்னிய டியூலில் இரண்டும் ஒன்றாக வராது.

மேரி, அடுத்தமுறை கால் மீற்றர் மட்டும் வாங்கி, ஒரு கீற்றை அப்படியே அளந்து, அதையே நனைத்துக் கசக்கிக் காயவைத்து மறுபடி அளவுங்கள். 5 என்று நின்றது 2 ஆகிவிட்டால் உள்பாவாடைக்கு உதவாது, அடுக்கைக் கூட்டினாலும் பாரம்தான் கூடும்.

றிஸ்வான் எழுதியது:

ஐயா சொன்னபடி கடையில் செய்து பார்த்தேன். நாங்கள் ஒரே "ஹார்ட் நெட்" என்று விற்கிற இரண்டு உருளை. ஒன்று கழுவிய பிறகும் அப்படியே நின்றது, மற்றது மேரி அக்காவின் கவுன்போல் ஆனது. விலையிலோ தொட்டுப் பார்ப்பதிலோ பிரித்தறிய முடியவில்லை. ஒரே அளவுகோல் போதும் என்றதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் "வளைவு நீளம்" கடையில் ஓடாது. வாடிக்கையாளர் "நிக்குமா, விழுமா" என்றுதான் கேட்பார்.

கஜன் எழுதியது:

ஊடுதுணியை விட்டுவிட்டேன். பொதுப்பெயராக "சல்லாத்துணி" எப்படி? தமிழில் ஏற்கெனவே வழங்கும் சொல், அகராதியிலும் இருக்கிறது, புதிதாக ஆக்கத் தேவையில்லை. லேஸுக்கும் நம்மிடம் "ரேந்தை" இருக்கிறது. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். காலி, வெலிகமப் பக்கத்துக் கைவேலை லேஸுக்குச் சிங்களத்திலும் அதே வேர்தான்.

அருளானந்தம் எழுதியது:

ரேந்தை சரி, மறுபேச்சில்லை. சல்லா நெய்ததற்கு நன்றாகப் பொருந்தும்: ஓகன்சா "விறைப்புச் சல்லா", ஜோர்ஜெற் "பொரிச் சல்லா". டியூலைச் "சல்லா" என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அது "வலைத்துணி" ஆகவே இருக்கட்டும், கண் அளவோடு. நான்குக்கும் ஒரே பெயர் வேண்டும் என்று ஏன் பிடிவாதம்?

துஷ்யந்தி எழுதியது:

ஐயா, விறைப்பைப் பெயருக்குள் வைக்காதே என்று நீங்கள்தானே சொன்னீர்கள். பட்டு ஓகன்சாவைக் கழுவிய பிறகு "விறைப்புச் சல்லா" என்று எப்படி அழைப்பது? "நேரிழைச் சல்லா" என்று மாற்றுகிறேன், நேரே கிடக்கும் நூல் என்ற பொருளில். இன்னொன்று, மருந்துக் கட்டுத் துணியையும் சிலர் சல்லாத்துணி என்கிறார்கள். என் மாணவிகளில் பாதிப்பேருக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

பொதுப்பெயர் இல்லாமலே மூன்று தலைப்பில் போடுகிறேன்: சல்லா, வலைத்துணி, ரேந்தை. ஒவ்வொன்றிலும் "தெரிவு" என்ற பத்தியில் ஊடுகாட்டும் அல்லது ஒளிகசியும், "நிற்பு" என்ற பத்தியில் கழுவுமுன்னும் கழுவிய பின்னும். "நிற்பு" றிஸ்வான் தம்பியின் "நிக்குமா"விலிருந்து எடுத்தது.

அருளானந்தம் எழுதியது:

நேரிழை நல்லது, நான் சறுக்கிய இடத்தைச் சரியாகப் பிடித்தீர்கள். நிற்பும் பொருந்தும்.

ஓர்கண்டியை எங்கே வைப்பீர்கள்? அது பருத்தி, ஆனால் அமிலத்தில் தோய்த்து எடுப்பதால் பருத்தியின் மேற்பரப்பே மாறி விறைத்துவிடுகிறது. பூச்சும் அல்ல, தடித்த இழையும் அல்ல. கழுவினாலும் நிற்பு போகாது, கசங்கினால் மட்டும் மறுபடி இஸ்திரி போட வேண்டும். நெசவு நேரிழைச் சல்லாதான்.

கஜன் எழுதியது:

அப்படியானால் ஓகன்சாவும் ஓர்கண்டியும் ஒரே பெயரில் வருகின்றனவே? நாரின் பெயரை முன்னால் போட்டுப் "பட்டு நேரிழை", "பருத்தி நேரிழை" என்று பிரிப்பதா?

றிஸ்வான் எழுதியது:

பொலியெஸ்ரர் ஓகன்சாவை மறந்துவிட்டீர்கள். நாங்கள் விற்கிறதில் பெரும்பகுதி அதுதான்.