14 லட்சம் பாதகம் என்று உற்பத்தி மேலாளருக்குப் போன குறிப்பு: உங்கள் அனுபவம் என்ன?

நூற்பாலைக் கணக்கர்

மாத முடிவில் நியமத்துக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் மாறுபாட்டுக் குறிப்பை உற்பத்தி மேலாளருக்கு எழுதுகிறவர்களுக்குப் பின்னணி சொல்லத் தேவையில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆலையில் ஓடுவது 40-ஆம் நம்பர் கோம்ப்டு நூல், திருப்பூர் பின்னலாடைக்குப் போவது. 100 கிலோ பஞ்சுக்கு 70 கிலோ நூல் தேற வேண்டும் என்பது நியமம். அந்த மாதம் 2,10,000 கிலோ நூல் வந்தது. அதற்கு 3,00,000 கிலோ பஞ்சு போதும், போனதோ 3,09,000. கூடுதலாகப் போன 9,000 கிலோவை நியம விலை 160 ரூபாயால் பெருக்கினால் 14 லட்சத்து 40 ஆயிரம். முழுவதும் பாதகம், அதாவது நியமத்தை மீறிய செலவு.

நான் மூன்று பத்தி எழுதினேன். முதல் பத்தியில் இந்தத் தொகை. இரண்டாவதில் அந்த 9,000 கிலோ எங்கே போனது என்பது: பஞ்சைப் பிரித்துத் தூசு நீக்கும் புளோரூம், கார்டிங் கழிவில் 3,500, குட்டை இழையைச் சீவி எடுக்கும் கோம்பரின் கழிவில் 4,700, மீதி 800 கண்ணுக்குத் தெரியாத இழப்பும் சில்லறைக் கழிவும். மூன்றாவதில் காரணம். அந்த மாதம் முழுவதும் ஓடியது முந்தைய மாதம் வாங்கிய ஒரே லாட், சுமார் 1,800 பேல். கிலோவுக்கு 3 ரூபாய், அதாவது கண்டிக்கு ஆயிரத்துச் சொச்சம் மலிவு. பரிசோதனை அறிக்கையில் தூசு 4.5 சதவீதம், நாங்கள் வழக்கமாக வாங்குவது 3-க்குள். குட்டை இழையும் அதிகம். குட்டை இழையை எடுக்காவிட்டால் நூலில் முடிச்சும் மெல்லிய இடமும் ஏறும் என்பதால் கோம்பர் கழிவை 16-லிருந்து பதினேழரை சதவீதத்துக்கு உயர்த்தியிருந்தார்கள்.

விலையில் கிடைத்த லாபம் 9 லட்சத்து 27 ஆயிரம். ஆனால் அது சரக்கு வந்து இறங்கிய மாதத்திலேயே வாங்கல் பிரிவின் கணக்கில் சாதகமாக ஏறிவிட்டது. அதற்குப் பாராட்டும் கிடைத்துவிட்டது. அதே பேல்களைப் பிரித்து ஓட்டியபோது வந்த சேதாரம் மட்டும் இந்த மாதம், வேறொருவர் பெயரில் நின்றது.

நிதித் தலைவர் மூன்றாம் பத்தியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். “வாங்கல் பிரிவைப் பற்றி உற்பத்திக்கு எழுத வேண்டியதில்லை” என்றார். இரண்டு பத்திகள்தான் போயின.

மறுநாள் உற்பத்தி மேலாளர் என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு பாலிதீன் பை. கார்டிங்கின் அடியில் விழுந்த கழிவு. பையை அவிழ்த்து என் கணக்குத் தாளின் மேலேயே கொட்டினார். காய்ந்த இலைத் தூள், விதைத் தோல், ஒன்றிரண்டு முழு விதை. “சார், இதை என் ஆட்கள் போட்டார்களா, இல்லை பேலோடு வந்ததா? நீங்களே சொல்லுங்கள்” என்றார். பதில் அந்த அடிக்கப்பட்ட பத்தியில் இருந்தது. அதைச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. அவர் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இன்னும் உறுத்துகிறது.

வார்ப்பாலை ஷாப் இன்சார்ஜ்

எனக்கும் இதே கதைதான், நான் குறிப்பை வாங்கிய பக்கம். 2012, மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம். உலையை இரவில் மட்டும் ஓட்டினோம். மாதம் 600 டன் வார்க்க வேண்டிய இடத்தில் 480 டன் வார்த்தோம். கணக்குப் பிரிவிலிருந்து தாள் வந்தது: நிலைச் செலவில் 6 லட்சம் பாதகம், விளக்கம் தேவை.

இரண்டு நாள் எல்லா பில்லையும் புரட்டினேன். மணல், பிசின், பராமரிப்பு, கூலி எதிலும் ஒரு ரூபாய் கூடுதலாகப் போகவில்லை. கடைசியில் கணக்குப் பையன் ஒருவன்தான் பேனாவை எடுத்துக் காட்டினான். மாத நிலைச் செலவு 30 லட்சம். 600 டன்னுக்குப் பிரித்தால் டன்னுக்கு 5,000. நான் வார்க்காத 120 டன்னை 5,000-ஆல் பெருக்கியதுதான் அந்த 6 லட்சம். செலவானது 30 லட்சமேதான். வார்ப்பின் மீது ஏற்ற முடியாமல் நின்ற பணம் அது. இதை முதல் வரியில் எழுதியிருந்தால் இரண்டு நாள் நான் கிடங்குக்காரரோடு சண்டை போட்டிருக்க மாட்டேன்.

உங்கள் விஷயமும் இதுதான் நண்பரே. மின்சாரம் போனால் நான் என்ன செய்வது, மட்டமான பஞ்சு வந்தால் அவர் என்ன செய்வார்?

தேர்வுக்குப் படிப்பவர்

இதில் இவ்வளவு வருத்தம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. விலை மாறுபாடு 9.27 சாதகம், பயன்பாட்டு மாறுபாடு 14.40 பாதகம். இரண்டும் ஒரே லாட்டைப் பற்றியவை, ஒன்றைக் கழித்துவிட்டால் 5.13 லட்சம் பாதகம். அந்த ஒரு தொகையை இரு பிரிவுக்கும் பொதுவாக அனுப்பியிருந்தால் போதுமே. மலிவுச் சரக்கு வாங்கியது தவறான முடிவு என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

வார்ப்பாலைக்காரரின் கதை வேறு. அவருடையது அளவு மாறுபாடு. இங்கே உண்மையிலேயே பஞ்சு போயிருக்கிறது.

ஓய்வுபெற்ற ஸ்பின்னிங் மாஸ்டர்

தம்பி, கழித்தது சரி, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கோம்பர் கழிவு குப்பைக்குப் போவதில்லை, ஓப்பன் எண்ட் ஆலைக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். கூடுதலாக வந்த 4,700 கிலோவைக் கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் 4.70 லட்சம். கார்டிங் கழிவு 3,500 கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 1.40 லட்சம். ஆக 6.10 லட்சம் திரும்பி வருகிறது. அந்த வரவு கழிவு விற்பனை என்று வேறு தலைப்பில் உட்கார்ந்திருக்கும், உற்பத்திக்காரர் தாளில் வராது. 5.13 பாதகத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள், பஞ்சுக் கணக்கில் 97 ஆயிரம் லாபமே நிற்கிறது. தவறான முடிவு என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஆனால் கணக்கர் ஐயாவிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த 4,700 கிலோவும் பஞ்சின் குறைதான் என்று எதை வைத்து எழுதினீர்கள்? கோம்பருக்கு எட்டுத் தலை. பதினேழரை என்பது எட்டின் சராசரி. ஒவ்வொரு தலையின் கழிவையும் தனியாகப் பிடித்து எடை போட வேண்டும். அதே நேரத்தில் அந்தத் தலையிலிருந்து வந்த ஸ்லைவர் திரியையும் எடை போட வேண்டும். கழிவை இரண்டின் கூட்டால் வகுத்தால் அந்தத் தலையின் சதவீதம் வந்துவிடும். எட்டுத் தலையும் சராசரிக்கு ஒன்று, ஒன்றரைக்குள் நின்றால் அது நீங்கள் வைத்த செட்டிங், பஞ்சு கேட்டது. ஆறு தலை பதினாறிலும் இரண்டு தலை இருபத்திரண்டிலும் நின்றால் சராசரி அதே பதினேழரைதான் வரும். அப்போது அது பஞ்சு அல்ல. இடைவெளி விலகிய தலை. அது உற்பத்தி மேலாளரின் பொறுப்பு. நான் வேலையில் இருந்தபோது ஒரு ஷிப்டு முழுக்கப் பஞ்சைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பார்த்தால் ஒரு தலையின் இடைவெளி விலகியிருந்தது.

இன்னொன்று. கழிவு கூடியதா என்பதோடு கழிவில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். கையில் எடுத்து இழையை இழுத்துப் பார்த்தால் நீள இழையும் சேர்ந்து வருகிறதா என்று பழகிய விரலுக்குத் தெரியும். நீள இழை வந்தால் நல்ல பஞ்சு வீணாகிறது. கார்டிங்கில் லிக்கர்-இன் உருளையின் அடியில் விழுவதையும் இப்படியே பார்க்க வேண்டும். குப்பையோடு வெள்ளை இழையும் விழுந்தால் கத்தி செட்டிங் சரியில்லை. உங்கள் மேலாளர் கொட்டிய பையில் விதைத் தோலும் இலையும்தான் இருந்தன என்கிறீர்கள். அப்படியானால் அந்த 3,500-ஐப் பொறுத்தவரை அவர் பக்கம் நியாயம். கோம்பருக்கு அவர் எந்தப் பையும் கொண்டுவரவில்லையே.

நூற்பாலைக் கணக்கர்

மாஸ்டர் ஐயா, தலைவாரியாக எடை அந்த மாதம் எடுக்கப்படவில்லை. மொத்தக் கழிவுதான் என்னிடம் வந்தது. ஆகவே 4,700-இல் எவ்வளவு பஞ்சு, எவ்வளவு இயந்திரம் என்று இப்போது பிரிக்க முடியாது. இருந்தாலும் கழிவை உயர்த்தச் சொன்னது தரக் கட்டுப்பாட்டின் எழுத்துப்பூர்வமான குறிப்பு, அதில் தேதி இருக்கிறது, அந்த லாட் மிக்சிங்கில் ஏறிய நாள்தான்.

97 ஆயிரம் லாபம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த லாட் ஓடியபோது ஸ்பின்னிங்கில் இழை அறுதல் கூடி, வேகத்தைக் குறைத்து ஓட்டினார்கள். குறைந்த நூலும், அதை ஈடுகட்ட ஓட்டிய ஞாயிற்றுக்கிழமை ஷிப்டும் வேறு மாறுபாடுகளாக, வேறு தாளில் கிடக்கின்றன. அவற்றையும் சேர்த்தால் மலிவு மலிவல்ல. என் மூன்றாம் பத்தி இதைச் சொல்லத்தான் முயன்றது: ஒரு லாட், அது தொட்ட எல்லா வரியும், ஒரே இடத்தில்.

வார்ப்பாலைக்காரருக்கு: மின்வெட்டு யார் கையிலும் இல்லை. எங்கள் பஞ்சை வாங்கியது ஒருவருடைய முடிவு. அதுதான் வித்தியாசம்.

ஸ்டோர்ஸ் ஊழியர்

எல்லோரும் பஞ்சையும் கோம்பரையும் சொல்கிறீர்கள். எங்கள் ஆலையில் இதே மாதிரி பெரிய பாதகம் வந்து, உதவி மேலாளர் ஒருவருடைய ஊதிய உயர்வு நின்றது. பிறகு பார்த்தால் மாதக் கடைசி நாள் இரவு இருப்பு எடுத்தவர் புளோரூமில் பிரித்துப் பரப்பிய பேல்களையும் கார்டிங் கேன்களையும் எண்ணவில்லை. எண்ணாத பஞ்சு தின்ற பஞ்சாகிவிட்டது. அடுத்த மாதம் அதே அளவு சாதகமாகத் திரும்பி வந்தது, அதற்காக யாரும் ஊதிய உயர்வைத் திருப்பித் தரவில்லை. இரண்டு மாதத்தையும் கூட்டிப் பாருங்கள். உங்களுக்கு அடுத்த மாதம் எவ்வளவு தேறியது?

நூற்பாலைக் கணக்கர்

அடுத்த மாதம் வேறு லாட், தூசு 3-க்குள். 69.8 தேறியது. அந்த 9,000 கிலோ எண்ணாமல் விட்ட இருப்பாக இருந்திருந்தால் 70-ஐத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும், போகவில்லை. ஆனால் நல்ல பஞ்சு போட்டும் 70-க்கு வரவில்லை என்பதும் உண்மை. மாஸ்டர் ஐயா எழுதியதை உற்பத்தி மேலாளரிடம் காட்டினேன். படித்துவிட்டு, மூன்றாவது கோம்பரிலிருந்து தொடங்கி எட்டுத் தலைக்கும் தனித்தனியாக எடை எடுக்கச் சொல்லியிருக்கிறார்.