தொப்பைக் கொழுப்பும் கல்லீரலும்: எவ்வளவு பங்கு?

கொங்குதமிழன்:
தொப்பையில் உள்ள கொழுப்பு, போர்ட்டல் சிரை வழியாக நேராகக் கல்லீரலுக்குள் போகிறது. அதனால்தான் இன்சுலின் வேலை செய்யாமல் போகிறது. தொப்பைதான் முழுக் காரணம், மற்றதெல்லாம் பேச்சு. யாராவது மறுக்க முடியுமா?

செல்வி (உடலியங்கியல்):
மறுக்கலாம். பாதை சரி, அளவு தவறு. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பின் ரத்தம் அந்தச் சிரை வழியாகத்தான் கல்லீரலுக்குப் போகிறது. ஆனால் அதில் ஓடும் கொழுப்பு அமிலத்தில் பெரும்பங்கு அங்கே பிறந்ததல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு அளந்து 2004இல் வெளியிட்டது: அங்கே பிறந்தது ஒல்லியானவர்களிடம் 5 முதல் 10 சதவீதம், பருமனானவர்களிடம் 20 முதல் 25 சதவீதம். மீதி, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பிலிருந்து பொது ரத்தத்தில் கலந்து சுற்றி வருவது. கால்வாசியை வைத்துக்கொண்டு முழுக் காரணம் என்று எழுதக் கூடாது.

கொங்குதமிழன்:
முன்பு நடந்த பேலியோ உணவு விவாதத்திலும் இப்படித்தான் சதவீதத்தோடு வந்தீர்கள். கால்வாசி என்ன சும்மாவா? கல்லீரலுக்குப் போகிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஜிம் பாண்டி:
இரண்டு பேரும் கல்லீரலையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அதிகம் வாங்க வேண்டியது தசை. தசை வாங்காவிட்டால் சர்க்கரை எங்கே போகும்? கெடுவது முதலில் தசைதான். ஸ்குவாட் போடாதவன் தொப்பையைத் திட்டி என்ன பயன்?

திருச்சி ரமணி:
ஐயா, அம்மா, என் கதையைக் கேளுங்கள். வயது 46, எடை 61 கிலோ, உயரம் 168 செ.மீ. ஒல்லி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். போன மாதம் பார்த்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, இன்சுலின் 17, ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 218, நல்ல கொலஸ்ட்ரால் எச்.டி.எல். 33. ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர். டேப் வைத்து அளந்தால் இடுப்பு 93. எனக்கு எப்படி வந்தது?

செல்வி (உடலியங்கியல்):
ரமணி சார், இந்த விவாதத்துக்கு உங்கள் ரிப்போர்ட்தான் தேவை. வரிசையாகச் சொல்கிறேன்.

சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் உங்களுக்கு 4.7 வருகிறது. லேபுக்கு லேப் எல்லை மாறும், ஆனால் 4.7 எங்கேயும் அதிகம்தான். இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது, அதாவது இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்பதில்லை என்று அர்த்தம்.

தொடக்கம் கொழுப்புச் செல்லில். சாப்பிட்டதும் ஏறும் இன்சுலின் அந்தச் செல்லைப் பார்த்து, கொழுப்பை வெளியே விடாதே என்று சொல்ல வேண்டும். தோலுக்கு அடியில் உள்ள செல்கள் ஏற்கெனவே புடைத்து நிறைந்திருந்தால் இந்தக் கட்டளை சரியாக ஏறுவதில்லை. குதிர் நிறைந்த வீட்டில் நெல்மூட்டை திண்ணைக்கும் கூடத்துக்கும் வருகிற மாதிரி, மிச்சக் கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் தசையிலும் போய்ச் சேர்கிறது.

தசைக்குள் அப்படிச் சேரும் சில கொழுப்புப் பொருள்கள் இன்சுலின் தரும் சமிக்ஞையை நடுவழியில் முறிக்கின்றன. சர்க்கரையை உள்ளே எடுக்கும் வாயில்கள் செல்லின் மேற்பரப்புக்கு வருவதில்லை. கல்லீரலிலும் அதே முறிவுதான். ஆனால் அங்கே பாதி மட்டும் முறிகிறது. சர்க்கரை உற்பத்தியை நிறுத்து என்ற கட்டளை காதில் விழுவதில்லை, கொழுப்பு செய் என்ற கட்டளை மட்டும் நன்றாக விழுகிறது. வெறும் வயிற்றில் 112 இருப்பது முதலாவதன் விளைவு. 218 டிரைகிளிசரைடு இரண்டாவதன் விளைவு. அது கூடும்போது எச்.டி.எல். இறங்கும், உங்கள் 33 அந்த ஜோடியில் வருவதுதான்.

எடை குறைவாக இருந்தும் ஏன்? உங்கள் குதிர் சிறியது, அவ்வளவுதான். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், தன்னையும் லண்டன் டாக்டர் யட்கினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய படம் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. யட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. நம் ஊரில் ஆணுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 என்று எல்லை குறைவாக வைத்திருப்பது இதனால்தான்.

கொங்குதமிழன்:
அப்படி வாருங்கள் வழிக்கு. ஒல்லி மனிதர், இடுப்பு மட்டும் 93, கல்லீரலில் கொழுப்பு. தொப்பையிலிருந்து கல்லீரலுக்குப் போயிருக்கிறது. நான் முதலிலேயே சொன்னதை நீங்கள் பத்து வரியில் சொல்லியிருக்கிறீர்கள்.

செல்வி (உடலியங்கியல்):
இல்லை. தொப்பையும் கல்லீரல் கொழுப்பும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது கால்வாசிக்கு மேல் இல்லை.

மாலதி:
அப்போ அந்தக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற ஆபரேஷன் செய்தால் சர்க்கரை போய்விடுமா? எங்கள் தெருவில் போர்டு வைத்திருக்கிறார்கள்.

செல்வி (உடலியங்கியல்):
போகாது மாலதி. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். 10, 12 வாரம் கழித்துப் பார்த்தால் கல்லீரல், தசை, கொழுப்பு எதிலும் இன்சுலின் செயல் மாறவில்லை. 2004இல் வந்த ஆய்வு.

கொங்குதமிழன்:
அது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு! உள்ளே இருப்பதைத் தொடவே இல்லை. இது எனக்குத்தான் சாட்சி.

செல்வி (உடலியங்கியல்):
உள்ளே இருப்பதையும் எடுத்துப் பார்த்தார்கள். எடை குறைக்கும் இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்யும்போதே குடல் மேல் தொங்கும் கொழுப்புத் திரையையும் சேர்த்து எடுத்தார்கள். எடுக்காதவர்களைவிடக் கூடுதல் பயன் எதுவும் இல்லை.

கொங்குதமிழன்:
பைபாஸே அவ்வளவு பெரிய மாற்றம் செய்யும்போது சின்னப் பயன் எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? அந்தத் திரை மட்டுமா உள்கொழுப்பு? குடலை ஒட்டி இருப்பது அப்படியே இருக்கிறதே!

செல்வி (உடலியங்கியல்):
இந்தக் கேள்வி நியாயமானது. திரை உள்கொழுப்பில் ஒரு பகுதிதான். ஆனால் அதனால் உங்கள் "முழுக் காரணம்" நிரூபணமாகிவிடாது.

மாலதி:
என் அம்மாவுக்கு டாக்டர் பியோகிளிட்டசோன் கொடுத்தார். எடை நாலு கிலோ கூடியது, சர்க்கரையோ குறைந்தது. அது மட்டும் எப்படி?

செல்வி (உடலியங்கியல்):
அந்த மாத்திரை தோலுக்கு அடியில் புதிய கொழுப்புச் செல்களை உண்டாக்குகிறது. கொழுப்புக்கு இருக்க வேண்டிய இடத்தில் இடம் கிடைக்கிறது, கல்லீரலில் இருப்பது குறைகிறது. கூடிய எடையில் கொஞ்சம் நீரும் உண்டு, அம்மாவுக்குக் காலில் வீக்கம் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கொங்கு சாருக்கும் ஒரு கேள்வி: கொழுப்பு கூடி இன்சுலின் எதிர்ப்பு குறைவதை உங்கள் கணக்கில் எப்படி எழுதுவீர்கள்?

கொங்குதமிழன்:
மாத்திரைக் கம்பெனிக் கணக்கு எனக்கு வேண்டாம். போர்ட்டல் சிரை கல்லீரலுக்குத்தானே போகிறது?

ஜிம் பாண்டி:
தசையைப் பற்றி நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. படித்தவர்கள் படித்தவர்களோடுதான் பேசுவீர்களோ?

செல்வி (உடலியங்கியல்):
பாண்டி, நீங்கள் சொன்னதில் பாதி சரி. பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்த ஒல்லியான இளைஞர்களிடம் தசையில்தான் எதிர்ப்பு முதலில் தென்பட்டது. ஆனால் இங்கிலாந்தின் நியூகாசிலில் 2011இல் 11 சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 600 கலோரி மட்டும் கொடுத்தபோது, ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சாதாரண நிலைக்கு வந்தது, கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்தது. எட்டு வாரம் முடிந்தும் தசையின் எதிர்ப்பு பெரிதாக மாறவில்லை. தசை அப்படியே இருக்க, சர்க்கரை இறங்கியது.

ஜிம் பாண்டி:
அந்த 11 பேரும் உடற்பயிற்சி செய்தார்களா? செய்திருந்தால் தசையும் மாறியிருக்கும். 600 கலோரியில் ஆளே உருகிப்போவான், அதை வைத்தியம் என்கிறீர்கள்.

திருச்சி ரமணி:
என் பேன்ட் சைஸ் 34தான். கணக்குப்படி 86 செ.மீ. வருகிறது. டேப்பில் மட்டும் 93. எது சரி?

செல்வி (உடலியங்கியல்):
டேப்தான் சரி. பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பை வைத்து, சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும்.

கொங்குதமிழன்:
தொப்புளில்தான் வைக்க வேண்டும். எங்கள் டாக்டர் அப்படித்தான் அளக்கிறார்.

ஜிம் பாண்டி:
எங்கே வைத்தாலும் சரி, காலையில் வெறும் வயிற்றில் வையுங்கள். ரமணி அண்ணா, தொடையையும் அளந்து போடுங்கள்.