நடக்கும்போது மட்டும் கணுக்கால் நீள்கிறது: வெயிட்டை மறுபடியும் பூசணுமா?

சந்துரு, சாலிகிராமம்
பிளெண்டரில் அரைக்கால் சட்டை போட்டு அவசரமாகப் பள்ளிக்குப் போகும் ஒரு பையனுக்கு ரிக் செய்திருக்கிறேன். கால்களுக்கு ஐகே உண்டு. Ctrl+P அழுத்தி With Automatic Weights கொடுத்தேன். நிற்கும்போது நன்றாக இருக்கிறான். நடக்கவிட்டால் 1, 13 பிரேம்களில் பின்காலின் கணுக்கால் ஜவ்வு மாதிரி நீள்கிறது. வலது காலைத் தூக்கினால் இடது உள்தொடையும் கூடவே நகர்கிறது. எல்லா வெயிட்டையும் அழித்துவிட்டுக் கையால் பூச வேண்டுமா?

கார்த்தி, போரூர்
அழித்துவிடுங்கள் ப்ரோ. ஆட்டோமேட்டிக் வெயிட், எலும்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்கும். அது தொடையா, கணுக்காலா என்று அதற்குத் தெரியாது. இடுப்பில் ஆரம்பித்து ஒவ்வொரு எலும்பாகப் பூசினால் பிரச்சினை எங்கே என்று தேடவே வேண்டாம்.

தேன்மொழி, வடபழனி
பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள் சந்துரு. எடிட் மோடில் கணுக்காலில் ஒரு வெர்டெக்ஸைத் தேர்ந்தெடுத்து N அழுத்துங்கள். Item பகுதியில் Vertex Weights என்று ஒரு பட்டியல் வரும். அதில் பாத எலும்போடு பாதத்தின் ஐகே கன்ட்ரோல் எலும்பின் பெயரும் இருந்தால் காரணம் அதுதான்.

கன்ட்ரோல் எலும்பும் கணுக்காலிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் Deform டிக்கை எடுக்காமல் Ctrl+P கொடுத்தால் வெயிட்டில் அதற்கும் பங்கு போய்விடும். நிற்கும்போது இரண்டு எலும்பும் ஒரே இடத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. 1, 13இல் கால்கள் முழுக்க விரியும்போது கால் எட்டாது. கன்ட்ரோல் தரையிலேயே நிற்கும், கெண்டைக்கால் எலும்பு அதற்கு முன்பே முடிந்துவிடும். இடையில் மாட்டிய தோல் நீளும். இதைப் பிரஷ்ஷால் சரிசெய்ய முடியாது.

ஐகே கன்ட்ரோல், முட்டிக்கான போல் டார்கெட், ரூட் மூன்றிலும் Deform டிக்கை எடுங்கள். பழைய வெர்டெக்ஸ் குரூப்களை நீக்கிவிட்டு மறுபடி Ctrl+P கொடுங்கள்.

கார்த்தி
கணுக்காலுக்குச் சரி அக்கா, ஒத்துக்கொள்கிறேன். உள்தொடைக்கு என்ன பதில்? அங்கே இருப்பது தொடை எலும்புகள்தான், கன்ட்ரோல் எலும்பு எதுவும் இல்லையே. அதைப் பூசித்தானே ஆக வேண்டும்?

தேன்மொழி
ஆமாம், அது பிரஷ் வேலைதான். மாடலில் தொடைகள் ஒட்டி நின்றால் ஒரு பக்கத்து வெயிட் அடுத்த பக்கத்துக்குக் கசியும். ஆனால் எப்படிப் பூசுகிறோம் என்பது முக்கியம். பலர் வலது தொடை எலும்பைத் தேர்ந்தெடுத்து, இடது தொடையில் இருக்கும் வெயிட்டைக் குறைப்பார்கள். Auto Normalize போட்டிருந்தால் குறைத்த அளவு அந்த வெர்டெக்ஸில் மீதி இருக்கும் எலும்புகளுக்குப் பிரிந்துவிடும். கொஞ்சம் இடுப்புக்குப் போய், தொடை பாதி நகராமல் நிற்கும். அதனால் இடது தொடை எலும்பைத் தேர்ந்தெடுத்து அந்த இடத்தில் வெயிட்டைக் கூட்டுங்கள், வலது தானாகக் குறையும்.

1, 13இல் கால் விரிந்த போஸுக்குக் கீ வைத்துவிட்டு, டைம்லைனை நகர்த்தி நகர்த்திப் பூசுங்கள். நேராக நிற்கும் போஸில் பூசினால் தப்பு தெரியவே தெரியாது.

மீரான், ராயபுரம்
என் ஆள் லுங்கியை மடித்துக் கட்டிய மீன்காரர். நடுவில் இரண்டு தொடைக்கும் பாதிப் பாதி வெயிட் கொடுத்தேன். கால் விரியும்போது முன்பக்கத் துணி உள்ளே போய் முட்டி வெளியே வருகிறது. எனக்கும் Deform டிக்தான் பிரச்சினையா?

தேன்மொழி
இல்லை மீரான் பாய், உங்களுடையது வேறு. நடுத் துணி இரண்டு தொடைக்கும் சராசரியான இடத்தில் நிற்கும். முன்னால் போகும் முட்டி அதைத் தாண்டிவிடும். லுங்கிக்குத் தனியாக நாலைந்து எலும்புகள் வைத்துப் பார்க்கலாம்.

கார்த்தி
எதற்கு எலும்பு? கிளாத் சிமுலேஷன் போட்டால் போதும்.

மீரான்
என் லேப்டாப்புக்குக் கிளாத் தாங்காது தம்பி.

சந்துரு
Deform எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தேன், கணுக்கால் நீளவில்லை. உள்தொடையும் சரியாகிவிட்டது. இப்போது வேறு சிக்கல்: 1, 13இல் பின்பாதம் கன்ட்ரோலை எட்டாமல் அந்தரத்தில் நிற்கிறது. அடுத்த பிரேமில் முட்டி வெடுக்கென்று மடங்குகிறது.

தேன்மொழி
கால் எட்டாதது முன்பே இருந்தது, நீண்ட தோல் அதை மறைத்திருந்தது. அந்த இரண்டு பிரேமிலும் இடுப்பைக் கொஞ்சம் இறக்குங்கள். முட்டி முழுதாக நேராகாமல் இருந்தால் வெடுக்கென்று மடங்காது. 25இலும் 1இல் வைத்த அதே கீ இருக்கட்டும், ஓடுவது 24 வரைக்கும்தான்.

கார்த்தி
இதை நான் ஏற்கமாட்டேன். இடுப்பு 4, 16இல்தான் அடியில் இருக்க வேண்டும். 1இலேயே இறக்கினால் ஏற்ற இறக்கம் செத்துவிடும், பையன் குனிந்து பதுங்கி நடப்பதுபோல் தெரியும். எட்டு வைக்கும் தூரத்தைக் குறையுங்கள் சந்துரு, இடுப்பைத் தொடாதீர்கள்.

தேன்மொழி
1இல் இறக்கும் அதே அளவு 4இலும் இறக்கினால் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். எட்டைக் குறைத்தால் அவசரமாகப் பள்ளிக்கு ஓடும் பையன் உலாப் போகிறவன் ஆகிவிடுவான்.

சந்துரு
இரண்டையும் தனித்தனி ஆக்‌ஷனாகச் சேமித்து ஓட்டிப் பார்க்கிறேன்.