காய்ச்சாத பால் சீஸ்: கோம்தே சாப்பிடலாமாம், கமம்பேர் கூடாதாம். ஏன்?

நித்தியா, பாரிஸ்: ஆறாம் மாசம். கமம்பேர் தொடக்கூடாது, கோம்தே சாப்பிடலாம் எண்டு மருத்துவிச்சி சொன்னவ. ரெண்டும் காய்ச்சாத பால்தானே?

கல்யாணி: நான் பிரிட்ஜில வைச்சுத்தான் சாப்பிட்டனான், ஒண்டும் நடக்கேல்ல. குளிரில கிருமி வளராது. பழுதானால் மணமே காட்டிக் குடுத்திடும்.

செல்வி, உணவு ஆய்வுக்கூடம்: பெரும்பாலான கிருமிக்குச் சரி, லிஸ்டீரியாவுக்குச் சரியில்லை கல்யாணி அக்கா. அது 4 டிகிரியிலயும் மெதுவாப் பெருகும். மணமும் ருசியும் மாறாது.

நித்தியா, கோம்தே செய்யேக்க தயிர்க்கட்டியை 50 டிகிரிக்கு மேல சூடாக்கி, அழுத்தி, குறைஞ்சது நாலு மாசம் முதிர விடுவினம். ஈரம் குறைவு, கிருமிக்கு இடமில்லை. கமம்பேரில அந்தச் சூடு இல்லை, ஈரமும் கூட. மேல படரிற வெள்ளைப் பூஞ்சணம் புளிப்பைத் தின்னத் தின்ன, கிருமியைத் தடுத்து வைச்சிருந்த அமிலமும் போயிடும். அதால முதிர முதிர ஆபத்து கூடும். கோம்தேயிலும் தோலை வெட்டி எறியுங்கோ.

மீனா, சென்னை: அப்போ பனீரும் கூடாதா? எனக்கு இது அஞ்சாவது மாசம்!

செல்வி: பாலைக் கொதிக்க வைச்சுத் திரைய வைக்கிறதுதானே. உடன செய்து, கறியில கொதிக்க விட்டால் பயமில்லை.

ராகவி: என் அக்காவோட கதை இது. ஏழாம் மாசத்தில காய்ச்சலும் இடுப்புவலியும், சளிக்காய்ச்சல் எண்டே நினைச்சம். ஆஸ்பத்திரியில காரணம் தெரியாத காய்ச்சல் எண்டதும் ரத்தம் எடுத்து, அதில கிருமி வளருதோ எண்டு பாக்க அனுப்பிட்டு, முடிவுக்குக் காத்திராமல் அமொக்சிசிலின் தொடங்கிட்டினம். லிஸ்டீரியாதான். "என்ன சாப்பிட்டீங்கள்?" எண்டு முந்தின ரெண்டு மாசத்தையும் கேட்டினம். ஆருக்கு ஞாபகம் இருக்கும்? சீஸா, வெட்டி நிறுத்து வாங்கின ஹாமா எண்டு இன்னும் தெரியாது. பிள்ளை குறைமாசத்தில பிறந்து, தீவிர சிகிச்சையில இருந்து வந்தவன்.

செல்வி: தாய்க்கு லேசான காய்ச்சல்தான் இருக்கும், நச்சுக்கொடி வழியாப் பிள்ளைக்குப் போறதுதான் ஆபத்து. ஹாமில சிக்கல் வேற: வேக வைச்சதுதான், ஆனால் பிறகு துண்டு போடிற மிஷினில ஒட்டிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவில 2017–18இல ஆயிரம் பேருக்கு மேல பாதிச்சது பொலோனி எண்ட சாப்பிடத் தயாரான இறைச்சியாலதான்.

கல்யாணி: அப்ப பாஸ்டரைஸ் எண்டு போட்டிருந்தால் எல்லாம் சரிதானே?

செல்வி: பாலில இருந்த கிருமி சாகும். பிறகு தொழிற்சாலையில சேருறதை அது தடுக்காது, மென்மையான சீஸில அது நடந்திருக்கு.

நித்தியா: ஓவனில கொதிக்க வைச்ச கமம்பேர்?

ராகவி: நடுவிலயும் கொதிச்சுப் பொங்கினால் பரவாயில்லை எண்டு எங்கட டொக்டர் சொன்னவர்.

நித்தியா: எங்கட மருத்துவிச்சி அதுக்கும் வேண்டாம் எண்டிட்டா. புதன்கிழமை திரும்பக் கேட்டுப் பாக்கிறன்.