எண்ணை அவர்கள் சொல்லட்டும்

செந்தில்: எல்லோரும் ஒரு நிமிடம். எங்கள் கம்பெனி வங்கியை மாற்றுகிறது. 140 வாடிக்கையாளர்கள் இனிமேல் புதுக் கணக்குக்குத்தான் பணம் அனுப்ப வேண்டும். அறிவிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

செந்தில்: "அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் எங்கள் வங்கிக் கணக்கு மாறுகிறது. புதிய விவரம் இணைப்பில் உள்ளது. பழைய கணக்கு அன்றே மூடப்படும் என்பதால் உடனடியாக மாற்றிக்கொள்ளவும். சந்தேகம் இருந்தால் கீழே உள்ள எண்ணை அழைக்கவும்."

பெரியப்பா: நன்றாக இருக்கிறது. லெட்டர்ஹெட்டில் அடித்து, முத்திரை வைத்து, இயக்குநர் கையெழுத்தோடு அனுப்பு.

சுந்தரி அத்தை: செந்தில், என் கணக்கும் மாறுகிறதா? எந்த நம்பருக்கு மாறுகிறது? பாஸ்புக் படம் அனுப்பியிருக்கிறேன், பார்.

செந்தில்: அத்தை, உங்கள் கணக்கு மாறவில்லை. இது என் அலுவலக விஷயம். அந்தப் படத்தை முதலில் நீக்குங்கள்.

சுந்தரி அத்தை: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா அக்கா: செந்தில், உன் வரைவை ஒரு திருடன் எழுதியிருந்தால் எந்த வரி மாறியிருக்கும்? கணக்கு எண்ணும் தொலைபேசி எண்ணும் மட்டும்தான். மற்றதெல்லாம் அவன் எழுதுவதும் இதேதான்: உடனே மாற்று, பழையது மூடுகிறது, என்னையே கூப்பிட்டுக் கேள்.

செந்தில்: அக்கா, இதை அனுப்பப் போவதே நாங்கள்தானே?

கவிதா அக்கா: வாங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்? நான் பதினைந்து வருடமாகப் பணம் அனுப்புகிற பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதிரிக் கடிதத்தில் பொய்யைவிட உண்மைதான் என்னைப் பயமுறுத்துகிறது.

நவீன்: உண்மை எப்படி அக்கா பயமுறுத்தும்?

கவிதா அக்கா: எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சப்ளையர் நிஜமாகவே வங்கி மாறினார். முறையாகக் கடிதம் அனுப்பினார், தன் இணையதளத்திலும் போட்டார். எட்டு நாள் கழித்து இன்னொரு மெயில் வந்தது: "முந்தைய கடிதத்தில் கணக்கு எண் தவறாக அச்சாகிவிட்டது, திருத்தியது இது." எங்கள் பையன் கெட்டிக்காரன். மெயிலில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, பழைய ஒப்பந்தத்தில் இருந்த எண்ணுக்குத்தான் அழைத்தான்.

செந்தில்: அப்புறம் என்ன, சரியாகத்தானே செய்திருக்கிறான்?

கவிதா அக்கா: அழைத்து, "நீங்கள் வங்கி மாறிவிட்டீர்களா?" என்று கேட்டான். ரிசப்ஷனில் இருந்த பெண், "ஆமாம் சார், கடிதம் அனுப்பியிருக்கிறோமே" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். இவன் "சரிபார்த்தாயிற்று" என்று கையெழுத்துப் போட்டான். இரண்டு இன்வாய்ஸ் தொகை திருடனுக்குப் போனது. நாற்பது நாள் கழித்துச் சப்ளையர், "ஏன் இன்னும் பணம் வரவில்லை?" என்று கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் அந்தக் கணக்கு காலி.

பெரியப்பா: அடப் பாவமே.

கவிதா அக்கா: மாற்றம் நிஜம் என்பதால் "மாறினீர்களா?" என்ற கேள்விக்கு எப்போதும் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். அந்த "ஆமாம்" திருடனின் எண்ணுக்கும் சாட்சி சொல்லிவிடும். அதனால் எண்ணைத்தான் கேட்க வேண்டும்.

செந்தில்: சரி, வாடிக்கையாளர் அழைத்துத் தன் கையில் இருக்கும் எண்ணைப் படிக்கட்டும். நாங்கள் சரி, தவறு என்று சொல்லிவிடுகிறோம்.

கவிதா அக்கா: அதைத் திருப்பிப் போடு. அவர் படித்தால், ஆயிரம் வேலைக்கு நடுவில் இருக்கும் உங்கள் ஆள் பாதியிலேயே "உம், உம், சரி" என்று விடுவார். உங்கள் ஆள் எண்ணைச் சொல்ல வேண்டும், எல்லா இலக்கமும். அழைத்தவர் தன் கையில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். பணத்தைப் போடப்போகிறவர் அவர், கவனமும் அவருக்குத்தான் இருக்கும்.

பெரியப்பா: யார் கூப்பிட்டாலும் கணக்கு எண்ணைச் சொல்லிவிடுவதா? எங்கள் காலத்தில் இப்படிச் செய்தால் மெமோ கொடுப்பார்கள்.

கவிதா அக்கா: பெரியப்பா, பணம் வாங்கும் எண் எப்படியும் இன்வாய்ஸில் அச்சாகப் போகிறது. அழைக்கிறவர் பெயர் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னால் போதும்.

பெரியப்பா: இவ்வளவு சுற்று எதற்கு என்றுதான் கேட்கிறேன். கணக்கு எண்ணும் பெயரும் பொருந்தாவிட்டால் வங்கியே நிறுத்திவிடும்.

நவீன்: எல்லா இடத்திலும் இல்லை பெரியப்பா. பிரிட்டனில் 2020 முதல்தான் பெரிய வங்கிகள் பணம் போகும் முன் பெயர் பொருந்துகிறதா என்று காட்டுகின்றன. யூரோ நாடுகளில் அது 2025 அக்டோபரில்தான் கட்டாயமானது. அங்கேயும் எச்சரிக்கைதான் வரும். மீறி அனுப்ப நினைத்தால் அனுப்பலாம். நாடு விட்டு நாடு போகும் பணத்தில் பல நேரம் எண் மட்டும்தான் பேசும்.

கவிதா அக்கா: பெயர் பொருந்தினாலும் நம்ப முடியாது. 2013 முதல் 2015 வரை லிதுவேனியாக்காரர் ஒருவர் கூகுளையும் ஃபேஸ்புக்கையும் ஏமாற்றினாரே, இரண்டும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல். அந்த இரண்டுக்கும் நிஜமாகவே கருவிகள் விற்றுவந்த தைவான் கம்பெனி ஒன்று உண்டு. அதே பெயரில் லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, அதன் பெயரில் கணக்கும் திறந்துவிட்டார். பெயர் அச்சு அசலாகப் பொருந்தியிருக்கும்.

பெரியப்பா: அது எனக்குத் தெரியாது. ஆனால் பெயர் பார்ப்பதே வேண்டாம் என்று சொல்லாதே. தவறான இலக்கத்தை அது பிடிக்கும்.

கவிதா அக்கா: அதை ஒப்புக்கொள்கிறேன்.

ராகவன் மாமா: நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். புதுக் கணக்கு என்றால் முதலில் ஒரு சிறு தொகை அனுப்புவேன். "வந்துவிட்டது" என்று மெயில் வந்தால் மீதியை அனுப்புவேன். இதுவரை தவறியதில்லை.

நவீன்: மாமா, மெயில் பெட்டியே திருடன் கையில் இருந்தால் "வந்துவிட்டது" என்று எழுதுவதும் அவன்தான். பணம் அவனுக்கு நிஜமாகவே வந்திருக்கும், அதனால் பொய்கூடச் சொல்ல வேண்டாம்.

ராகவன் மாமா: அப்போது இத்தனை நாள் என் அதிர்ஷ்டமா?

கவிதா அக்கா: உங்கள் வழியில் ஒரு சிறு திருத்தம் போதும் மாமா. 17.43 என்று ஏதாவது ஊகிக்க முடியாத தொகையை அனுப்புங்கள். எவ்வளவு என்று யாருக்கும் சொல்லாதீர்கள். பிறகு உங்களிடம் முன்பே இருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்து, "எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள். தன் கணக்கைப் பார்க்க முடிகிறவருக்குத்தான் அது தெரியும்.

ராகவன் மாமா: இது நன்றாக இருக்கிறது. இனிமேல் அப்படியே செய்கிறேன்.

நவீன்: செந்தில் அண்ணா, அனுப்புவதற்கு முன் உங்கள் அக்கவுண்ட்ஸ் மெயிலில் தானாக ஃபார்வர்டு ஆகும் விதி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே புகுந்தவன் கடவுச்சொல்லை மாற்ற மாட்டான், மாற்றினால் தெரிந்துவிடும். "வங்கி", "இன்வாய்ஸ்" என்று வரும் மெயிலெல்லாம் வேறு ஃபோல்டருக்குப் போக வைத்துவிட்டுச் சும்மா படித்துக்கொண்டிருப்பான். நீங்கள் அறிவிக்கிற நாளுக்காகத்தான் காத்திருப்பான்.

செந்தில்: பார்க்கிறேன். சரி அக்கா, கடிதத்தில் எண்ணையே போட வேண்டாமா?

கவிதா அக்கா: நான் போட மாட்டேன். போட்டால் பாதிப் பேர் பார்த்து எழுதிக்கொண்டு அழைக்காமலே விடுவார்கள். "மாறுகிறது. முழு எண் இந்தக் கடிதத்தில் இல்லை. எங்கள் பெயரில் எண்ணோடு வரும் கடிதத்தை, அழைத்துக் கேட்காமல் நம்ப வேண்டாம். உங்கள் ஒப்பந்தத்திலோ பழைய இன்வாய்ஸிலோ உள்ள தொலைபேசி எண்ணில் அழையுங்கள்" என்று எழுது. அழைப்பு வந்ததும், பேசிக்கொண்டிருக்கும்போதே விவரத்தை மெயிலில் அனுப்பி, அதே அழைப்பில் எண்ணைப் படித்துக் காட்டு. நடுவில் எவனாவது மாற்றியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

செந்தில்: 140 அழைப்பு! முதலாளி என்னைக் கொன்றுவிடுவார். நாங்களே கூப்பிட்டுச் சொல்லிவிட்டால்?

கவிதா அக்கா: "கடிதம் வருகிறது, நீங்களே எங்களை அழையுங்கள்" என்று மட்டும் சொல்லலாம். எண்ணைச் சொல்லாதே. உள்ளே வரும் அழைப்பில் எண்ணை எழுதிக்கொள்ளும் பழக்கத்தை நீ ஏற்படுத்தினால், அடுத்த வாரம் திருடன் அழைத்தாலும் எழுதிக்கொள்வார்கள்.

கவிதா அக்கா: இன்னொன்று. பழைய கணக்கை மூடாதே. ஆறு மாதமாவது திறந்து வை. கடிதத்திலும் "சந்தேகம் இருந்தால் பழைய கணக்குக்கே அனுப்புங்கள், பணம் எங்களுக்கு வந்து சேரும்" என்று எழுது. "உடனே மாற்று, இல்லாவிட்டால் பணம் திரும்பிவிடும்" என்பதுதான் திருடனுடைய ஒரே அவசரம். பழையது திறந்திருந்தால் அவனால் யாரையும் அவசரப்படுத்த முடியாது.

செந்தில்: பராமரிப்புக் கட்டணம் இரண்டு பக்கமும் போகும். கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய இன்வாய்ஸில் இருப்பது லேண்ட்லைன் எண். போன வருடம் அலுவலகம் மாறியபோது அதைத் துண்டித்துவிட்டோம்.

கவிதா அக்கா: 😳 அப்படியென்றால் அறிவிப்பை நிறுத்து. அவர்கள் கையில் இருக்கும் எண் அடிக்காவிட்டால் மெயிலில் இருக்கும் எண்ணைத்தான் தேடுவார்கள். முதலில் அந்த எண்ணைத் திரும்ப வாங்க முடியுமா என்று பார்.

பெரியப்பா: துண்டித்த எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தால்?

கவிதா அக்கா: அப்போது ஒவ்வொருவருக்கும் அவர்கள் ஏற்கெனவே பழகிய ஆள் மூலமாகத்தான் போக வேண்டும். விற்பனைப் பிரிவில் நேரில் போகிறவர்கள் இருப்பார்களே.

செந்தில்: இருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஆறு வருடமாக மெயில் மட்டும்தான். குரலைக்கூடக் கேட்டதில்லை.

நவீன்: வீடியோ அழைப்பு?

கவிதா அக்கா: முகமே தெரியாதவரை வீடியோவில் பார்த்து என்ன உறுதி செய்வது? அந்த மூன்று பேரும் இப்போதைக்குப் பழைய கணக்கிலேயே இருக்கட்டும். எனக்கும் அதற்கு நல்ல வழி தெரியவில்லை.

பெரியப்பா: நான் சொன்ன முத்திரை வைத்த கடிதத்தைத் தபாலில் அனுப்பலாமே.

நவீன்: தபால் நல்ல யோசனைதான் பெரியப்பா. மெயிலில் இருப்பவனால் அதைத் தொட முடியாது. ஆனால் முத்திரையைப் பார்த்து யாரும் நம்ப வேண்டாம்.

மறுநாள்

செந்தில்: லேண்ட்லைன் எண் யாருக்கும் போகவில்லையாம், திரும்பக் கிடைத்துவிட்டது. ரிசப்ஷனில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. "மாறினீர்களா?" என்று யார் கேட்டாலும் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லாமல் அக்கவுண்ட்ஸுக்கு இணைக்க வேண்டும்.

கவிதா அக்கா: சொன்னால் போதாது. மாமா, நீங்கள் வாடிக்கையாளர் மாதிரி ஒருமுறை அழைத்துப் பாருங்களேன்.

ராகவன் மாமா: ஏற்கெனவே அழைத்துவிட்டேன். "வங்கி மாறிவிட்டீர்களாமே?" என்றேன்.

செந்தில்: என்ன சொன்னார்கள்?

ராகவன் மாமா: "ஆமாம் சார், கடிதம் வரும்" என்றாள். குரல் மிக இனிமை.

செந்தில்: 🤦🏽‍♂️ இதோ கீழே போகிறேன்.